புஷ்ஷின் உட்டுளை: அழுத்துமுன் அளவு காணல்

யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பயிர்ச்செய்கை ஆற்றை அன்றிக் கிணற்றையே நம்பியுள்ளது. அக்கிணற்றில் நீரிறைக்கும் பம்பின் தண்டைத் தாங்கும் வெண்கலப் புஷ்ஷைப் புதிதாகக் கடைவோர், அழுத்திய பின் அதன் உட்டுளை சுருங்கும் என்பதையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

உதாரணமாக, தண்டின் விட்டம் 25.00 மில்லிமீற்றர் எனவும், அது சுழல வேண்டிய இடைவெளி 0.03 எனவும் கொள்வோம். பொருத்திய பின் உட்டுளை 25.03 ஆக இருத்தல் வேண்டும். வார்ப்பிரும்புக் கூட்டின் துளை 32.00, புஷ்ஷின் புறவிட்டம் 32.04. மிகையான 0.04 இல் ஒரு பகுதியைக் கூடு விரிந்து ஏற்கும். எஞ்சியது புஷ்ஷை உள்நோக்கி நெருக்கும். கூட்டின் சுவர் தடித்ததாயின், உட்டுளை மிகையின் மூன்றில் இரு பங்களவு, அதாவது ஏறத்தாழ 0.03 சுருங்கும். ஆகவே 25.06 எனக் கடைதல் தகும். 25.03 எனவே கடைந்தால் இடைவெளி முற்றாக மறைந்து, தண்டு இறுகிவிடும்.

இப்பங்கு மாறாத விதியன்று. மெல்லிய கூடு அதிகம் விரிவதால் உட்டுளை குறைவாகவே சுருங்கும். கூட்டுக்கு வெளியே நீளும் புஷ்ஷின் முனையோ பெரும்பாலும் சுருங்காது. எனவே முதற் புஷ்ஷை அழுத்துமுன்னும் பின்னும் பல இடங்களில் அளந்து, அவ்வேறுபாட்டையே அடுத்தவற்றுக்கு அளவாகக் கொள்ளலாம். ஒரேயொரு புஷ் மட்டுமெனில், உட்டுளையைச் சிறிதாக விட்டு, அழுத்திய பின் ரீமரால் சீர்செய்தலே பாதுகாப்பானது.