ரிசப்ஷன் பந்தியில் எதை நம்பலாம்?

மாலை ரிசப்ஷன் என்றால் சமையல் ஐந்து மணிக்கே முடிந்திருக்கும். கடைசி விருந்தாளி தட்டெடுக்கும்போது பத்தாகிவிடும். இந்த இடைவெளியில் ரசத்துக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. புளிப்பும் சூடும் அதைக் காக்கின்றன. அப்பளத்தில் ஈரமே இல்லை. நான் சந்தேகப்படுவது சாதத்தைத்தான்.

அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சாதம் 60 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை அவை அடங்கிக் கிடக்கும். வெதுவெதுப்பாக ஆறியதும் முளைத்துப் பெருகும். வாந்தி உண்டாக்கும் அதன் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. வாசனையும் காட்டிக்கொடுக்காது.

இதில் தயிர்சாதம் தனிக்கதை. இரவுவரை புளிக்கக்கூடாதென்று குழைந்த சாதத்தில் பாலை நிறைய ஊற்றி, தயிரைக் கொஞ்சமாகக் கலப்பார்கள். ருசிக்கு அது சரி. ஆனால் கிருமியை அடக்குவதே அந்தப் புளிப்புதான். அது ஏறுவதற்குள் சில மணி நேரம் போய்விடும். அதுவரை ஈரம், பால், மிதமான சூடு, எல்லாம் கிருமிக்குச் சாதகம். லேசாகப் புளித்த தயிர்சாதம் இதைவிடப் பரவாயில்லை என்பேன். பந்திக்குச் சற்று முன்பு கலந்து, குளிரவைத்துப் பரிமாறினால் இன்னும் நல்லது.

பிரியாணி இருக்கும் பஃபே பாத்திரத்தின் அடியில் எரியும் சிறு அடுப்பு, சூட்டைத் தக்கவைக்க மட்டுமே. ஆறியதைச் சுடவைக்க அதற்குச் சக்தி கிடையாது. மூடியைத் திறந்தால் ஆவி குப்பென்று வரவேண்டும். வராவிட்டால் ரசத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.