டிக்கெட்டில் எதைக் கேட்பது?

2016 ஜனவரியில், திறமூல மென்பொருள்களைப் பராமரிக்கும் பலர் சேர்ந்து கிட்ஹப் நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். அதில் இருந்த குறைகளில் ஒன்று மிக எளிமையானது. பிழை என்று சொல்லி வரும் டிக்கெட்டுகளில், எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது பிழை வந்தது என்ற விவரங்கள்கூட இருப்பதில்லை. அவற்றைக் கேட்டு வாங்க ஒரு வழி வேண்டும் என்றார்கள். அடுத்த மாதமே டெம்ப்ளேட் வசதி வந்தது. கட்டங்களை நிரப்பும் படிவம் வர 2021 ஆகிவிட்டது.

மென்பொருள் அலுவலகங்களில் டிராக்கர் என்பது, வரும் ஒவ்வொரு புகாருக்கும் ஒரு எண் கொடுத்து, அது தீரும்வரை கணக்கு வைத்திருக்கும் நிரல். ஜிரா, ரெட்மைன், பக்ஜில்லா எல்லாம் இந்த வகைதான். ஒரு புகார் ஒரு டிக்கெட். அதில் எல்லோரும் ஒரே விவரங்களைத் தர வேண்டுமென்றால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தனித் தனிக் கட்டங்களாக ஃபீல்டுகளைச் சேர்ப்பது. மற்றது, விளக்கம் எழுதும் இடத்திலேயே தலைப்புகளைப் போட்டு வைக்கும் டெம்ப்ளேட். இரண்டும் ஒரே வேலையைச் செய்வதுபோல் தோன்றும். ஆனால் பின்னால் தேட வேண்டியது ஃபீல்டில் இருக்க வேண்டும், உட்கார்ந்து படிக்க வேண்டியது டெம்ப்ளேட்டில் இருக்க வேண்டும். இதைப் பிரித்துப் பார்க்காத குழுக்களில்தான் இருபது கட்டங்கள் கொண்ட படிவங்கள் முளைக்கின்றன.

தமிழில் குறிப்பெழுதும் ஒரு கைபேசிச் செயலி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஒரு டிக்கெட் வருகிறது: "தேடல் வேலை செய்யல. 'கொடி'ன்னு தேடினா வரல, ஆனா குறிப்புல அந்தச் சொல் இருக்கு." கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். குழுவில் ஒருவர் தன் கைபேசியில் 'கொடி' என்று எழுதித் தேடிப் பார்க்கிறார். சரியாக வருகிறது. "எந்தப் பதிப்பு?" என்று கேட்டு எழுதுகிறார். பதில் வர இரண்டு நாள். "எந்தக் கீபோர்டு?" மறுபடி இரண்டு நாள். அதற்குள் புகார் கொடுத்தவர் செயலியையே நீக்கியிருப்பார்.

இங்கே நடந்திருக்கக்கூடியது இதுதான். யூனிகோடில் 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். க-வுக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாக, U+0BCA என்று வைக்கலாம். அல்லது எகரக் குறியையும் காலையும் தனித்தனியாக, U+0BC6, U+0BBE என்று அடுத்தடுத்து வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எழுத்துகளை இயல்பாக்காமல் அப்படியே ஒப்பிடும் தேடலுக்கோ அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய ஆவணங்களில், கொம்பும் காலும் தனித்தனியாக இருந்த பழக்கம் காரணமாக, இரண்டாவது வடிவம் வந்துவிட வாய்ப்புண்டு.

இந்தப் பிழைக்கு ஸ்கிரீன்ஷாட்டால் ஒரு பயனும் இல்லை என்பது இப்போது புரியும். படத்தில் குறியெண் தெரியாது. வேண்டியவை இரண்டு: அந்தச் சொல்லையே நகலெடுத்து ஒட்டிய எழுத்து, அது குறிப்புக்குள் எந்த வழியாக வந்தது என்ற தகவல். முதலாவதைப் படித்துத்தான் ஆராய வேண்டும். அதற்கு ஒரு பெரிய எழுதும் பெட்டி போதும். இரண்டாவதை வைத்து நாளை நூறு டிக்கெட்டுகளை வகைப்படுத்த நேரலாம். அதைத் தேர்வுப் பட்டியலாக்குவதே சரி. கிட்ஹப்பில் `.github/ISSUE_TEMPLATE/` என்ற கோப்புறையில் `.yml` கோப்பாக இப்படி எழுதுவார்கள். இது அந்தக் கோப்பின் ஒரு பகுதி:

```yaml
body:
  - type: textarea
    id: word
    attributes:
      label: தேடிக் கிடைக்காத சொல்
      placeholder: குறிப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள்
    validations:
      required: true
  - type: dropdown
    id: source
    attributes:
      label: அந்தச் சொல் எப்படி வந்தது?
      options:
        - நானே தட்டச்சு செய்தேன்
        - வேறு இடத்திலிருந்து ஒட்டினேன்
        - பழைய கோப்பிலிருந்து மாற்றியது
        - தெரியவில்லை
    validations:
      required: true
```

இதில் `placeholder` என்பதைக் கவனியுங்கள். அது சாம்பல் நிறத்தில் தெரிந்து, எழுதத் தொடங்கியதும் மறைந்துவிடும். அதற்குப் பதில் `value` என்று கொடுத்தால், மாதிரி வாசகம் உண்மையான எழுத்தாகவே பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். அவசரத்தில் இருப்பவர் அதைத் தொடாமலே அனுப்பிவிடுவார். பெட்டி நிரம்பியிருப்பதால் கட்டாயம் என்ற நிபந்தனையும் அவரைத் தடுக்காது.

'தெரியவில்லை' என்ற கடைசித் தேர்வு இடத்தை நிரப்புவதற்காக வைத்ததல்ல. கட்டாயக் கேள்விக்கு விடை தெரியாதவருக்கு அது ஒன்றுதான் நேர்மையான வழி. அது இல்லாவிட்டால் வாய்க்கு வந்ததைத் தேர்ந்தெடுப்பார். தவறான விவரம், விவரமே இல்லாததைவிடக் கெடுதல். குழு அதை நம்பி வேறு திசையில் தேடப் போய்விடும். இதே காரணத்தால் பட்டியலில் ஒரு விடையை முன்கூட்டியே தேர்ந்து வைக்கவும் கூடாது. வைத்தால், அந்த விடையை விரும்பித் தேர்ந்தவர் யார், கேள்வியைப் பார்க்காமலே கடந்தவர் யார் என்று பிரிக்கவே முடியாது.

கிட்ஹப் படிவத்துக்கு ஒரு முக்கியமான எல்லை உண்டு. நிரப்பி அனுப்பியதும் கட்டங்கள் எல்லாம் கரைந்து, டிக்கெட்டின் விளக்கத்தில் தலைப்பும் பதிலுமாக வெறும் எழுத்தாகிவிடும். பதில் இல்லாத இடத்தில் `_No response_` என்று நிற்கும். பட்டியலிட்டுக் கேட்டிருந்தாலும், பதிலை வைத்து டிக்கெட்டுகளை வரிசைப்படுத்த அங்கே தனி நெடுவரிசை கிடையாது. வகைப்படுத்தத்தான் வேண்டும் என்றால், பதிலைப் படித்து ஒருவர் லேபிள் போட வேண்டும், அல்லது அதைச் செய்ய ஒரு சிறு நிரல் எழுத வேண்டும். ஜிரா, ரெட்மைன் போன்றவற்றில் ஃபீல்டு உண்மையிலேயே தனியாகச் சேமிக்கப்படும். 'பழைய கோப்பு' என்று பதில் வந்த டிக்கெட்டுகள் மட்டும் வேண்டும் என்றால் உடனே எடுக்கலாம்.

எடுக்கலாம் என்பதாலேயே எல்லாவற்றையும் ஃபீல்டாக்கும் ஆசையும் வரும். 2000-ல் எழுதிய ஒரு கட்டுரையில் ஜோயல் ஸ்போல்ஸ்கி இதற்கு எதிராகவே எச்சரித்தார். என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்ற மூன்றும் போதும். ஃபீல்டுகளைக் கூட்டிக்கொண்டே போனால் மக்கள் பிழையைப் பதிவதையே விட்டுவிடுவார்கள் என்பது அவர் வாதம். எனக்கு அதில் பெருமளவு உடன்பாடு. ஒரு கட்டத்தைச் சேர்க்கும் முன், இதன் விடை மாறினால் யார் எந்த வேலையை வேறு மாதிரிச் செய்வார் என்று கேட்க வேண்டும். நம் செயலியில் 'பழைய கோப்பு' என்ற விடை வந்தால் முதலில் குறியெண்ணைப் பார்ப்பார்கள். 'தட்டச்சு' என்றால் கீபோர்டைக் கேட்பார்கள். அந்தக் கட்டம் இருக்கலாம். கைபேசியின் நிறுவனப் பெயர் தேடல் பிழையில் எதையும் மாற்றாது. அது வேண்டாம்.

புகார் கொடுப்பவரிடமே 'எவ்வளவு அவசரம்?' என்று கேட்கும் ஃபீல்டு இன்னொரு வீண்செலவு. தன் பிழை யாருக்கும் அவசரமாகத்தான் இருக்கும். 'இதனால் வேலை நின்றுவிட்டதா, வேறு வழியில் சமாளிக்கிறீர்களா?' என்று கேட்டால் அவருக்குத் தெரிந்ததைச் சொல்வார். முன்னுரிமையைக் குழு முடிவு செய்துகொள்ளலாம்.

படிவம் சரியாக ஓடுகிறதா என்று அறிய, ஒரு மாதம் கழித்து விடைகளை எண்ணிப் பார்ப்பதே வழி. எழுதும் பெட்டிகளில் ஒற்றைப் புள்ளியும் 'xxx'-ம் கிடந்தால், அந்தக் கேள்வியைக் கட்டாயமாக்கியது தவறு. பாதிப் பேர் 'தெரியவில்லை' என்றால், கேள்வி பயனரின் மொழியில் இல்லை. எல்லோரும் ஒரே விடையைத் தந்தால் அந்தக் கட்டத்தை எடுத்துவிடலாம். பட்டியலில் ஒரு தேர்வு இனி வேண்டாம் என்றால் மட்டும், ஜிராவில் அதை அழிக்காமல் முடக்கி வைக்க வேண்டும். முடக்கினால் புதியவர்களுக்கு அது தெரியாது, பழைய டிக்கெட்டுகளில் பதிவான விடை அப்படியே இருக்கும். அழித்தால் அந்த விடையும் சேர்ந்து போய்விடும்.