பால் பாக்கெட்டும் கைப்புள்ளையும்

கதையில் இரண்டே பேர். சங்கீதா ஓ.எம்.ஆர். பக்கம் இரவு ஷிப்ட் பார்ப்பவள். கம்பெனி வண்டி அவளை விடியற்காலை நாலரைக்கு வேளச்சேரி வீட்டு வாசலில் இறக்கிவிடும். தேன்மொழி தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறவள். ஆறு மணிக்கு எழுந்து எட்டுக்குள் கிளம்பியாக வேண்டும். வாடகை பாதிப் பாதி, ஃபிரிட்ஜ் ஒன்றே ஒன்று. ஒருத்தி விழித்திருக்கும் நேரத்தில் மற்றவள் தூங்கிக்கொண்டிருப்பாள். கற்பனைக் கதைதான், ஆனால் வாடகை வீட்டைப் பங்கு போட்டுக் குடியிருந்த யாருக்கும் அதிகம் விளக்கத் தேவையிருக்காது.

சண்டைக்குக் காரணம் அரை லிட்டர் பால். வேலை முடிந்து வருகிறவள் டீ போட்டுக் குடித்துவிட்டுப் படுக்கிறாள். எழுந்து வருகிறவளுக்குக் காபிக்குப் பால் இல்லை. மூன்றாவது முறை இப்படி நடந்த அன்று தேன்மொழி ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போனாள்: “பாலை எடுத்தவர் திரும்ப வாங்கி வைக்கவும்.”

அவள் மரியாதையாகத்தான் எழுதினாள். ஆனால் இரண்டே பேர் இருக்கும் வீட்டில் “எடுத்தவர்” என்றால் அது யார்? “காலணிகளை வெளியே விடவும்” என்கிற அலுவலகப் பலகையின் தோரணை அதில் வந்துவிட்டது. மாலையில் தூங்கி எழுந்த சங்கீதா அதைப் படித்தபோது எதிரில் தேன்மொழி இல்லை. அவள் குரலும் இல்லை. இல்லாத குரலைப் படிக்கிறவளே போட்டுக்கொண்டாள். தூக்கம் கலைந்த எரிச்சலில் போட்டுக்கொண்ட குரல் எப்படி இருக்கும்? சிவப்புப் பேனாவால் கீழே எழுதினாள்: “எடுத்தவர் பாதி வாடகை தருபவர்.”

இந்த இடத்தைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர்கள் ஜஸ்டின் க்ரூகரும் நிக்கலஸ் எப்லியும் சக ஆய்வாளர்களோடு 2005-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாக்கியம் கிண்டலா நிஜமா என்று எதிராளி கண்டுபிடிப்பாரா என்று கேட்டார்கள். குரலில் சொன்னபோதும் மின்னஞ்சலில் எழுதியபோதும், புரிந்துவிடும் என்று சொன்னவர்களுக்கு ஒரே அளவு நம்பிக்கை. மின்னஞ்சலில் படித்தவர்களோ காசு சுண்டிப் பார்த்துச் சொன்னதைவிடக் கொஞ்சமே தேறினார்கள். எழுதுகிறவர் காதில் தன் குரல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. சீட்டில் அது ஏறுவதில்லை.

சீட்டு வளர்ந்தது. தேன்மொழி பாக்கெட் மேல் மார்க்கரால் தன் பெயரை எழுதினாள். சங்கீதா முட்டை ஒவ்வொன்றின் மேலும் தன் பெயரை எழுதினாள். அடுத்த நாள் ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒன்று நேர்கோடாக ஒட்டியிருந்தது. இடது பக்கம் ஒருத்திக்கு, வலது பக்கம் இன்னொருத்திக்கு.

கதை திரும்புகிற இடம் அந்தக் கோடுதான். சங்கீதா அதைப் பார்த்ததும் பேனாவை எடுக்கவில்லை, போனை எடுத்தாள். ‘வின்னர்’ (2003) படத்தில் வடிவேலுவின் கைப்புள்ள தரையில் கோடு போட்டுக்கொண்டு, தாண்டி நானும் வரமாட்டேன், நீயும் வரக்கூடாது என்று எதிரியிடம் வீராப்புப் பேசும் காட்சி நினைவிருக்கும். டேப் ஒட்டிய தட்டின் படத்துக்குக் கீழே கைப்புள்ளயின் முகத்தை வைத்தாள். மேலே ஒரே வரி: “தயிர் கிண்ணம் கோட்டுக்கு மேலேயே உக்காந்திருக்கு, அதுக்கு என்ன தீர்ப்பு?” தேன்மொழிக்கு அது பஸ்ஸில் வந்து சேர்ந்தது. சிரித்துவிட்டாள்.

ஏன் சிரித்தாள் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மீமில் எழுத்து குறைவு. மீதியைப் படம் சொல்லிவிடுகிறது. கைப்புள்ள யார், அவன் வீராப்பு எவ்வளவு நேரம் நிற்கும், கடைசியில் அடி யாருக்கு என்பதெல்லாம் பார்க்கிறவருக்கு ஏற்கெனவே தெரியும். சீட்டில் விடுபட்டுப்போன குரல் இங்கே வடிவேலுவின் குரலாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதைவிட முக்கியம், அந்தப் படத்தில் கைப்புள்ளயாக நின்றது யார் என்பது. கோடு போட்டது தேன்மொழி. ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று தீர்ப்புக் கேட்டது சங்கீதா. அடி வாங்கப்போகிற வேடத்தை அவள் தனக்கே எடுத்துக்கொண்டாள். சண்டையில் தன்னைத் தானே தாழ்த்திக்கொண்டு ஒருத்தி வந்தால் மற்றவளுக்கு ஓங்கிய கையை இறக்க வேறு வழியில்லை. தமிழில் வடிவேலு இவ்வளவு மீம்களுக்கு ஈடுகொடுப்பதற்குக் காரணம் நகைச்சுவை மட்டுமில்லை என்பது என் எண்ணம். அவர் பாத்திரங்களில் பெரும்பாலானவை தோற்கிறவை. தோற்கிறவனாக நின்றுகொண்டு எதையும் சொல்லலாம்.

தேன்மொழியின் பதில் ‘கரகாட்டக்கார’னிலிருந்து (1989) வந்தது. இரண்டு வாழைப்பழம் வாங்கிவரச் சொல்லிக் காசு கொடுத்தனுப்பிய கவுண்டமணியிடம், ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றை நீட்டும் செந்தில். இன்னொன்று எங்கே என்றால், அதுதான் இது என்று சாதிப்பார். தேன்மொழி செந்திலின் கையிலிருந்த பழத்தின் மேல் காலி பால் பாக்கெட்டை ஒட்டியிருந்தாள். கவுண்டமணிக்குக் கீழே “காலை 6 மணி, நான்” என்று எழுதியிருந்தாள். குற்றச்சாட்டு மாறவில்லை. பால் எங்கே என்பதுதான் இப்போதும் கேள்வி. ஆனால் இதற்குச் சிவப்புப் பேனாவில் பதில் எழுத முடியாது. இன்னொரு படம்தான் தேட வேண்டும். கோபப்படுகிற நேரத்தைத் தேடுகிற நேரம் தின்றுவிடுகிறது.

மூன்றாம் நாள் சங்கீதா தெருமுனைச் சுவரில் பார்க்கிற மாதிரியே ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் செய்து அனுப்பினாள். நடுவில் மாலையோடு பால் பாக்கெட். தோற்றம்: காலை 5.30. மறைவு: மறுநாள் காலை 4.40. கீழே, “ஆழ்ந்த வருத்தத்துடன் டீத்தூள், சர்க்கரை மற்றும் குடும்பத்தினர்.” தேன்மொழி அதை மறுக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு அழைப்பிதழ் அடித்து அனுப்பினாள்.

சங்கிலி இப்படித்தான் நீளும். முந்தையவர் சொன்னதை நிஜம் என்றே வைத்துக்கொண்டு மேலே ஒரு கல் ஏற்ற வேண்டும். 2019 மே மாதம் நேசமணிக்கு நடந்தது இதுதான். பொறியியல் ஃபேஸ்புக் பக்கம் ஒன்றில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதன் பெயர் என்ன என்று கேட்டார்கள். ஒரு தமிழர், இது சுத்தியல், இது விழுந்துதான் பெயிண்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் மண்டை உடைந்தது என்று ‘ஃப்ரெண்ட்ஸ்’ (2001) படக் காட்சியைச் செய்திபோலப் பதிலாகப் போட்டார். அடுத்தவர் அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். அப்புறம் ஊரே பிரார்த்தனையில் இறங்க, #Pray_for_Neasamani ட்விட்டரில் ட்ரெண்ட் ஆனது. யாராவது ஒருவர், அது சினிமாப்பா என்று நடுவில் முறைத்திருந்தால் அங்கேயே படுத்திருக்கும்.

ஃபிரிட்ஜ் சீட்டு என்றாலே இலக்கியக்காரர்களுக்கு ஞாபகம் வருகிற ஒருவர் உண்டு: நியூ ஜெர்சியில் டாக்டராக இருந்துகொண்டே கவிதை எழுதிய வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ். ஐஸ்பெட்டியில் இருந்த பிளம் பழங்களைத் தின்றுவிட்டு, காலை உணவுக்கு வைத்திருந்தாய் போலிருக்கிறது என்று வீட்டில் எழுதிவைத்த சீட்டுப்போல ஒரு குட்டிக் கவிதை, 1934-ல் வெளியானது. மன்னிப்புக் கேட்கிறார், கூடவே பழத்தின் ருசியையும் சொல்லி வெறுப்பேற்றுகிறார். அவர் மனைவி எழுதிய பதிலும் இருக்கிறது. அதில் பிளம் பற்றிய சண்டையே கிடையாது. 2017 இறுதியில் ட்விட்டரில் ஆளாளுக்கு இந்தக் கவிதையின் சட்டகத்தை எடுத்து அதில் தங்கள் சரக்கைப் போட்டு அடைத்தார்கள். சட்டகம் அப்படியே இருக்க, உள்ளே இருப்பது மாறிக்கொண்டே போனது. கைப்புள்ளயும் அப்படியொரு சட்டகம்தான்.

கதையில் இதுவரை எல்லாம் நன்றாகப் போகிறது; அதனாலேயே இனி கெட வேண்டும். ஒரு ஞாயிறு தேன்மொழி, தூங்கிக்கொண்டிருந்த சங்கீதாவை, வாய் திறந்தபடி, ஒரு படம் எடுத்தாள். மேலே “பால் திருடி” என்று எழுதினாள். தோழிகள் ஐந்து பேர் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாள். சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்தன.

அவள் கணக்கில் இதுவும் இன்னொரு மீம். ஆனால் அதுவரை இருவருக்கும் நடுவில் ஒரு நடிகரின் முகம் இருந்தது. அடி எல்லாம் அதன்மேல்தான் விழுந்தது. இப்போது நடுவில் யாருமில்லை. தோற்கிறவள் வேடத்தையும் சங்கீதா தானாக எடுத்துக்கொள்ளவில்லை, அவள் தலையில் கட்டியாயிற்று. பார்க்க ஆட்களையும் கூட்டியாயிற்று. கெட்டுப்போனதற்கு அடையாளம் கோபமான பதில் அல்ல. குரூப்பில் சங்கீதா “ஹாஹா” என்று மட்டும் போட்டாள், படம் ஏதும் இல்லாமல். தனியாக அனுப்பியவற்றுக்கு நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. ஃபிரிட்ஜில் அவள் பக்கம் பொருள் குறைய ஆரம்பித்தது. சாமான்களைத் தன் அறைக்குள் வைத்துக்கொள்கிறாள் என்று தேன்மொழிக்குப் புரிய இரண்டு நாள் ஆனது.

குரூப்பில் படத்தை அழித்துப் பார்த்தாள். அதற்குள் யாரோ அதை ஸ்டிக்கராக மாற்றிவிட்டிருந்தார்கள்.

மீமால் வந்ததை மீமால் தீர்த்துவிடலாம் என்று முதலில் நினைத்தாள். மண்டையில் கட்டோடு நேசமணி, சுத்தியல் மேல் “என் போன்” என்று எழுதி அனுப்பினாள். வேடம் சரிதான், இந்தமுறை அடிபட்டவள் அவளே. அதற்கும் நீல டிக் மட்டும். கதை எழுதுகிறவருக்கு இங்கே ஒரு சபலம் வரும்: சங்கீதா சிரித்துவிட்டாள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று முடித்துவிடலாம். நான் அப்படி முடிக்க மாட்டேன். நேருக்கு நேர் சொல்ல வேண்டியதைப் படத்தில் ஒளித்து அனுப்பினால், கிண்டல் இன்னும் ஓயவில்லை என்றுதான் எதிராளிக்குப் படும்.

அடுத்த நாள் தேன்மொழி அலாரம் வைத்து நாலரைக்கு எழுந்தாள். சாவி திறக்கும் சத்தம் கேட்டபோது அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

“தூங்கலையா?” என்றாள் சங்கீதா.

“அந்தப் படத்தைப் போட்டிருக்கக் கூடாதுடி. குரூப்ல எல்லார்கிட்டயும் அழிக்கச் சொல்லிட்டேன். நிவேதிதா மட்டும் இன்னும் பாக்கல.”

“அவதான் ஸ்டிக்கராக்குனவ.”

டீ குடித்து முடிப்பதற்குள் பால் கணக்கும் முடிந்தது. இனி தினமும் இரண்டு அரை லிட்டர். ஒன்றில் மார்க்கரால் “ராத்திரி” என்று எழுதி வைப்பது. மாதக் கடைசியில் மொத்தத்தைக் கூட்டிப் பாதியை ஜி-பே பண்ணுவது. இத்தனை மீமும் செய்யாத வேலை இது, செய்திருக்கவும் முடியாது. எவ்வளவு பால், யார் காசு என்பதைக் கைப்புள்ள தீர்த்துவைக்க மாட்டான். பேச உட்காரும் வரை இருவரையும் சண்டைக்குள் தாக்குப்பிடிக்க வைத்தான், அவ்வளவுதான்.

டேப்பை மட்டும் உரிக்க முடியவில்லை. பசை ஒட்டிக்கொண்டு தட்டில் கறுப்பாகக் கோடு விழுந்துவிட்டது. வீட்டு ஓனர் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வாரோ என்று இருவரும் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, இட்லி மாவுப் பாக்கெட் பாதியாக இருப்பதைச் சங்கீதா கவனித்தாள்.