அழைப்புக்கு முன் பத்து நிமிடம்

கனடாவின் வான்கூவரில் நார்ட்வார் என்ற பெயரில் இயங்கும் இசைப் பேட்டியாளர் ஒருவர் இருக்கிறார். எதிரே நிற்கும் பாடகர் சிறு வயதில் கேட்ட இசைத்தட்டையோ, ஊரில் அவர் முதன்முதலில் மேடையேறிய சின்ன அரங்கின் பெயரையோ திடீரென்று எடுத்து நீட்டுவார். பாடகர் திகைத்துப்போய், “இது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்பார். அந்தத் திகைப்பைப் பார்க்கத்தான் அவருடைய பேட்டிகளுக்குக் கூட்டம். சில கலைஞர்கள் நெகிழ்ந்துபோகிறார்கள், சிலர் மிரண்டுபோகிறார்கள். இரண்டுமே கேமராவில் பதிவாகியிருக்கின்றன.

அதே காரியத்தை முன்பின் தெரியாத ஒருவரிடம் முதல் தொலைபேசி அழைப்பில் செய்தால் என்ன ஆகும்? மறுமுனையில் இருப்பவர் புகழ்பெற்றவர் அல்ல. அவருக்குப் பார்வையாளர் கூட்டமும் இல்லை. தன்னைப் பற்றி யாரோ இவ்வளவு தோண்டியிருக்கிறார்கள் என்ற எண்ணம் வந்தவுடன் குரல் சுருங்கிவிடும். இன்னொரு பக்கம், எதுவுமே தெரியாமல் அழைத்து, “நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?” என்று தொடங்கினாலும் எரிச்சல்தான் வரும். அரை மணி நேரம் ஒதுக்கித் தந்தவருக்கு, தன் நேரம் வீணாகிறது என்பது முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடுகிறது.

இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் பத்து நிமிடத் தயாரிப்பு. எதைத் தேடுவது, எங்கே நிறுத்துவது, கண்டதில் எதைச் சொல்வது என்ற மூன்றும் தெரிந்திருந்தால் பத்து நிமிடமே தாராளம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். திருச்சியில் கட்டடப் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் மாணவி ஒருத்தி, தன் கல்லூரியிலேயே பல ஆண்டுகளுக்கு முன் படித்து, இப்போது சென்னையில் மழைநீர் வடிகால் திட்டங்களில் வேலை செய்யும் ஒரு பொறியாளரிடம் பேசப் போகிறாள். வேலை கேட்பதற்காக அல்ல, அந்தத் துறைக்குள் போகலாமா என்று தெரிந்துகொள்வதற்காக. அழைப்பு மாலை ஐந்து மணிக்கு.

முதல் வேலை, சரியான ஆளைத்தான் பார்க்கிறோமா என்று உறுதிசெய்வது. தமிழ்ப் பெயர்களில் இது சின்ன விஷயம் அல்ல. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துதான். கல்லூரிச் சான்றிதழில் அப்பாவின் தலைப்பெழுத்து இருக்கும். திருமணத்துக்குப் பிறகு சிலர் கணவரின் தலைப்பெழுத்துக்கு மாறியிருப்பார்கள். வெளிநாடு போனவர்களுக்கோ அப்பாவின் பெயரே குடும்பப் பெயராக ஒட்டிக்கொள்ளும். எழுத்துக்கூட்டலும் ஒன்றுபோல் இருக்காது. ஒரே செந்தில் ஓரிடத்தில் Senthil, இன்னோரிடத்தில் Sendhil. ஆகவே வெறும் பெயரைத் தேடினால் பத்துப் பேர் வருவார்கள். பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டு, பக்கத்தில் கல்லூரியின் பெயரையோ துறையின் பெயரையோ சேர்த்துத் தேட வேண்டும். கல்லூரி, துறை, ஊர் ஆகிய மூன்றில் இரண்டாவது பொருந்தும்வரை அவர்தான் இவர் என்று முடிவுகட்டக் கூடாது. வேறொருவரின் ஆய்வுக் கட்டுரையைப் பாராட்டிப் பேச்சைத் தொடங்கிவிட்டால், அந்த அழைப்பை மீட்பது கடினம். இதற்கு இரண்டு நிமிடம்.

அடுத்த மூன்று நிமிடம் அவருடைய லிங்க்ட்இன் பக்கத்துக்கு. அதை மேலிருந்து கீழாகப் படிப்பதைவிடக் கீழிருந்து மேலாகப் படிப்பது நல்லது. வேலை வரலாறு அங்கே பழையதில் தொடங்கிப் புதியதை நோக்கி ஏறிவருகிறது. தேட வேண்டியது பதவிகளை அல்ல, திருப்பங்களை. நம் உதாரணப் பொறியாளர் முதல் நான்கு ஆண்டுகள் அடுக்குமாடிக் கட்டுமான நிறுவனம் ஒன்றில் இருந்திருக்கிறார். பிறகு இரண்டு ஆண்டுகள் எதுவும் இல்லை. அதன் பிறகு நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் நீர்வளம் தொடர்பான முதுநிலைப் படிப்பு. அப்புறம் சென்னை.

இங்கே கண்ணில் படுபவை இரண்டு. கட்டடத்திலிருந்து தண்ணீருக்கு மாறியது ஒன்று, இரண்டு ஆண்டு இடைவெளி இன்னொன்று. முதலாவதைக் கேட்கலாம், இரண்டாவதைக் கேட்கக் கூடாது. அந்த இடைவெளியில் குழந்தை பிறந்திருக்கலாம், வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போயிருக்கலாம், வேலை பறிபோயிருக்கலாம். “கட்டுமானத்துல இருந்து நீரியல் பக்கம் எப்படி வந்தீங்க?” என்று கேட்டால் போதும். இடைவெளியைப் பற்றிச் சொல்ல விரும்பினால் அவரே சொல்வார். சொல்லாமல் கடந்துபோகவும் அந்தக் கேள்வியில் அவருக்கு வழி இருக்கிறது. நல்ல கேள்விக்கும் துருவும் கேள்விக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த ஒரு வழியில்தான் இருக்கிறது.

லிங்க்ட்இன் பற்றி இன்னொரு தகவல். வழக்கமான அமைப்பில் ஒருவருடைய பக்கத்தைப் பார்த்தால், பார்த்தவர் யார் என்பதை அந்தத் தளம் அவருக்குக் காட்டக்கூடும். மறைந்து பார்க்கும் வசதியும் உண்டு. பேச நேரம் வாங்கிவிட்ட ஒருவர் மறைந்து பார்க்கத் தேவையில்லை. அழைப்புக்கு முன் ஒருமுறை பார்த்திருக்கிறாள் என்று தெரிவது மரியாதையாகத்தான் படும்.

அடுத்த மூன்று நிமிடம் அவர் செய்த ஏதேனும் ஒன்றுக்கு. கட்டுரையாக இருக்கலாம், கருத்தரங்க உரையாக இருக்கலாம், நாளிதழில் வந்த பேட்டியாக இருக்கலாம். ஒன்று போதும். கட்டுரை என்றால் சுருக்கத்தையும் முடிவுரையையும் மட்டும் படித்தால் போதும். யூடியூப் உரை என்றால், பல காணொளிகளில் பேச்சின் எழுத்து வடிவமும் கிடைக்கும். அதில் கண்ணை ஓட்டி, அவர் அதிக நேரம் நின்று பேசிய இடத்தைப் பிடிக்கலாம். நம் பொறியாளர் தன் உரையில் மழையின் அளவைவிடக் கடல் ஓதத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓதம் உயர்ந்திருக்கும்போது முகத்துவாரத்தில் தண்ணீர் வடிவது தடைபடும், வடிகால் எவ்வளவு அகலமாக இருந்தாலும் தெரு முழுகும் என்பது அவர் வாதம். 2015 டிசம்பர் வெள்ளத்தை நினைவில் வைத்திருக்கும் எவருக்கும் இது புரியும். மாணவிக்கு இங்கே ஒரு நிஜமான கேள்வி கிடைத்துவிட்டது.

மீதி இரண்டு நிமிடம் அந்தக் கேள்விகளை எழுதுவதற்கு. மூன்று கேள்விகள் போதும். இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். தேடிக் கண்டதையெல்லாம் கேள்விக்குள் அடைத்துவிடுகிறார்கள். “நீங்க இந்த வருஷம் இங்க சேர்ந்து, அந்த வருஷம் விட்டு, டெல்ஃப்ட் போய், திரும்பி வந்து...” என்று ஒப்பித்தால், கேட்பவருக்குத் தன் கோப்பை யாரோ வாசிப்பதுபோல் இருக்கும்.

கனடா நாட்டுப் புலனாய்வுச் செய்தியாளர் ஜான் சவாட்ஸ்கி, பேட்டி எடுக்கும் கலையைச் செய்தியாளர்களுக்குப் பயிற்றுவித்து வந்தவர். 2004இல் ஈ.எஸ்.பி.என். விளையாட்டுத் தொலைக்காட்சி அவரை அந்தப் பயிற்சிக்காகவே வேலைக்கு எடுத்துக்கொண்டது. கேள்விக்குள் கூற்றைக் கலக்காதே, ஒரு நேரத்தில் ஒன்றே கேள், எப்படி, ஏன், என்ன என்று திறந்து கேள் என்பவை அவர் வற்புறுத்தியவை. கேள்வியில் கூற்று இருந்தால், எதிராளி கூற்றுக்குப் பதில் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறார். தொலைபேசிக்கும் இது அப்படியே பொருந்தும். தயாரிப்பு கேள்வியின் கூர்மையில் தெரிய வேண்டும், நீளத்தில் அல்ல. ஆகவே ஒரு கேள்விக்கு ஒரு தகவல் போதும், அதுவும் எங்கே கிடைத்தது என்று சொல்லி: “உங்க உரையை யூடியூப்ல பார்த்தேன் மேடம். ஓதம் ஏறும்போது தண்ணி வடியாதுன்னு சொன்னீங்க. வடிகாலை வடிவமைக்கும்போது அதை எப்படிக் கணக்குல எடுப்பீங்க?”

இப்படிக் கேட்கப்பட்டவர், “மேடம்லாம் வேண்டாம்மா, அக்கான்னே கூப்பிடு” என்று சொல்லிவிட்டு இருபது நிமிடம் பேசுவார். அவருக்குப் பிடித்த விஷயம் அது.

எங்கே கிடைத்தது என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா என்பதே சிறந்த சோதனை. “உங்க உரையைக் கேட்டேன்” என்று கூச்சமில்லாமல் சொல்லலாம். “உங்க தங்கச்சி கல்யாண ஆல்பத்துல பார்த்தேன்” என்று சொல்ல முடியாது. இரண்டும் பொதுவெளியில் கிடைப்பவைதான். அமெரிக்க அறிஞர் ஹெலன் நிஸன்பாம் 2004இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்த வித்தியாசத்தை நன்றாக விளக்குகிறது. ஒரு தகவல் ரகசியமா பகிரங்கமா என்பது மட்டும் கேள்வி அல்ல, எந்தச் சூழலில் யாருக்காகச் சொல்லப்பட்டதோ அந்தச் சூழலின் வழக்கத்தை மீறி அது நகர்கிறதா என்பதே கேள்வி என்கிறார். நோயாளி மருத்துவரிடம் சொன்னது முதலாளியிடம் போனால் தவறு. உறவினருக்காகப் போட்ட திருமணப் படம் ஒரு தொழில்முறை அழைப்பில் எட்டிப்பார்த்தாலும் தவறுதான். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட தகவல்களைத் தன் வரம்புக்கு வெளியே விட்டிருக்கிறது. ஆனால் சட்டம் தடுக்கவில்லை என்பதால் அது நாகரிகம் ஆகிவிடாது.

அதனால்தான் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கம் போகவே வேண்டாம். அங்கே கிடைப்பதில் பயன்படுத்தக்கூடியது அநேகமாக எதுவும் இல்லை. கை தவறி ஆறு ஆண்டு பழைய படம் ஒன்றுக்கு விருப்பக் குறி விழுந்தால், அறிவிப்பு உடனே அவருக்குப் போய்விடும்.

நம் ஊருக்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. சொந்த ஊரைக் கண்டுபிடித்து, “நீங்களும் எங்க ஊர்ப் பக்கம்தானா, எந்தத் தெரு?” என்று உறவாடுவது பாசமாகத் தோன்றலாம். ஆனால் தமிழ்நாட்டில் ஊர், தெரு, அப்பா பெயர் எல்லாம் சாதியை விசாரிக்கும் வழிகளாகப் பலரைக் காயப்படுத்தியிருக்கின்றன. முதல் அழைப்பில் ஊரைத் தொடாமல் இருப்பதே சரி. ஊர்ப் பேச்சை அவர் எடுத்தால் எடுக்கட்டும்.

பத்து நிமிடத்துக்கு மேல் ஏன் கூடாது? ஏழெட்டு நிமிடத்தில் வேலை சார்ந்தவை பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்குப் பின் தேடல் தன்னால் குடும்பம், வீடு, சம்பளம் என்று வழுக்கிப் போகிறது. நிறையப் படித்தவர் மனதில் அவரைப் பற்றி ஒரு கதையும் உருவாகிவிடும். பிறகு அவர் சொல்வது காதில் விழாது. இணையப் பக்கங்கள் பழையவையாகவும் இருக்கும். கடைசிப் பதிவு மூன்று ஆண்டுக்கு முன் என்றால், “இப்பவும் அங்கதான் இருக்கீங்களா?” என்று அவரே திருத்த இடம்விட்டுக் கேட்பது பாதுகாப்பு.

எதுவுமே கிடைக்காத ஆட்களும் நிறைய உண்டு. மாநகராட்சிப் பொறியாளர், பட்டறை உரிமையாளர், ஊர்த் தலைமையாசிரியர் போன்ற பலருக்கு இணையத்தில் தடமே இருக்காது. அப்போது ஆளைத் தேடுவதை விட்டு வேலையைத் தேடுங்கள். அவர் பொறுப்பில் உள்ள திட்டம் எந்த ஆற்றின் வடிநிலத்தில் வருகிறது, ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு என்ன சொல்கிறது, சென்ற மழையில் அந்தப் பகுதியில் தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்று பாருங்கள். அழைத்ததும், “உங்களைப் பத்தி அதிகம் கிடைக்கல சார், திட்டத்தைப் பத்திக் கொஞ்சம் படிச்சேன்” என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, முதல் கேள்வியைக் கேளுங்கள்.