காகித இருப்புத் தாள்

சிறு அச்சகத்தில் காகிதக் கட்டுகளுக்குப் பக்கத்தில் தொங்கும் கணக்கு இது. அளவு, ஜிஎஸ்எம், முழு ரீம், உதிரித் தாள் என்று நான்கே பத்திகள். ஒரு ரீமுக்கு 500 தாள்.

உதிரிப் பத்தியில்தான் கணக்கு பிசகும். 3,000 நோட்டீஸ் ஆர்டர் என்று வைத்துக்கொள்வோம். 20×30 அங்குல டபுள் கிரவுன் தாளை எட்டாக வெட்டினால் 375 தாள் போதும். மெஷினில் மை சீராகும்வரை வீணாவதற்கு 10 சேர்த்து 385 எடுப்பார்கள். பிரித்த ரீமில் மீதி 115.

அதை உட்கார்ந்து எண்ண யாருக்கு நேரம்? தராசில் வைத்துவிடுவார்கள். 60 ஜிஎஸ்எம்மில் இந்த அளவு ரீம் சுமார் 11.6 கிலோ, 115 தாள் 2.67 கிலோ நிற்க வேண்டும். மூன்று கிலோவைத் தாண்டினால், தாளின் எண்ணிக்கையைச் சந்தேகிக்கும் முன் கட்டைப் பிரித்துப் பார்ப்பது நல்லது: 70 ஜிஎஸ்எம் தாள் கலந்திருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மழைக்காலத்தில் காகிதம் ஈரம் இழுத்து எடை கூடும். அப்போது நாலைந்து தாள் முன்பின் வந்தால் விட்டுவிடுவார்கள்.

புது ஆர்டர் வந்ததும் முதலில் பார்ப்பது இந்த உதிரிப் பத்தியைத்தான். 800 நோட்டீஸ் என்றால் புது ரீமைப் பிரிக்க வேண்டியதில்லை.