ஒரு ஸ்பூனில் 28 காபி

2015 மார்ச் மாதம். இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலுள்ள நார்தம்பிரியா பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியல் படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள் ஒரு பரிசோதனைக்கு உட்பட முன்வந்தார்கள். கஃபீன் உட்கொண்டால் உடற்பயிற்சித் திறன் எவ்வளவு மாறுகிறது என்று அளந்து பார்க்கும் சோதனை அது. ஆளுக்கு 0.3 கிராம் தரவேண்டும் என்பது திட்டம். ஏறக்குறைய மூன்று கப் காபியில் இருக்கும் அளவு. கணக்கை ஒரு கைபேசியில் போட்டார்கள். தசமப் புள்ளி இரண்டு இடம் நகர்ந்துவிட்டது. ஆரஞ்சுச் சாற்றில் கரைத்துக் கொடுக்கப்பட்டது 30 கிராம். அதாவது, ஒரே மடக்கில் 300 கப் காபி.

சற்று நேரத்தில் இருவருக்கும் தலை சுற்றியது, வாந்தி வந்தது, உடல் நடுங்கியது, பார்வை மங்கியது, இதயம் தாறுமாறாகத் துடித்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்து டயாலிசிஸ் செய்ததால் உயிர் பிழைத்தார்கள். இருவரும் பத்துக் கிலோவும் அதற்கு மேலும் எடை இழந்தார்கள். ஒருவருக்குக் குறுகிய கால நினைவாற்றலும் பாதிக்கப்பட்டது. 2017 ஜனவரியில் நியூகாசில் நீதிமன்றம் பல்கலைக்கழகத்துக்கு 4 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது.

வழக்கில் வெளிவந்த ஒரு விவரம், பார்வைக்குச் சிறியதானாலும், விஷயத்தின் மையமே அதுதான். அந்தப் பல்கலைக்கழகம் முன்பெல்லாம் இதே சோதனைக்கு கஃபீன் மாத்திரைகளைத்தான் பயன்படுத்தியது. பிறகுதான் தூளுக்கு மாறியது. மாத்திரையாகவே இருந்திருந்தால் இந்தத் தவறு நடந்திருக்குமா? 100 மில்லிகிராம் மாத்திரை என்று வைத்துக்கொண்டால், 30 கிராமுக்கு 300 மாத்திரை எண்ண வேண்டும். மேஜைமேல் அவ்வளவு மாத்திரை குவிந்தால், கணக்கு என்ன சொன்னாலும், யாராவது ஒருவர் "இருங்க, இது சரியில்லையே" என்று கேட்டிருப்பார். தூளில் அந்தச் சந்தேகம் எழுவதற்கு வழியே இல்லை. 30 கிராம் வெள்ளைத் தூள், டம்ளரில் கரைக்கும் குளுக்கோஸ் அளவுக்குத்தான் கண்ணில் படும்.

காபி குடித்துப் பழகியவர்களுக்கு கஃபீன் என்றால் பயம் இருப்பதில்லை. அதில் நியாயமும் உண்டு. காபி சூடாக இருக்கும், கசக்கும், வயிற்றை நிரப்பும். நாலாவது டம்ளருக்குள் நெஞ்சு படபடத்து, கை லேசாக நடுங்கி, போதும் என்று தோன்றிவிடும். ஆபத்தான அளவை எட்டுமுன் பலமுறை நம்மைத் தடுத்து நிறுத்துவது கஃபீன் அல்ல, அதைச் சுமந்து வரும் தண்ணீரும் அதைக் குடிக்க ஆகும் நேரமும்தான். தூளிலும் மாத்திரையிலும் அந்த இரண்டையும் நீக்கிவிடுகிறார்கள். நமக்கு எஞ்சுவது காபியிடமிருந்து கற்றுக்கொண்ட தைரியம் மட்டும்.

அந்தத் தைரியத்துக்கு எவ்வளவு இடம் இருக்கிறது? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் சொன்ன கணக்குப்படி, ஆரோக்கியமான பெரியவர் ஒருவர் ஒரே வேளையில் 200 மில்லிகிராம், நாள் முழுக்க 400 மில்லிகிராம் வரை எடுத்துக்கொள்வதில் கவலையில்லை. கர்ப்பிணிகளுக்கு நாளொன்றுக்கே 200 தான். மறுபக்கம், சுமார் 1,200 மில்லிகிராமை வேகமாக உட்கொண்டாலே வலிப்பு போன்ற நச்சு விளைவுகள் தெரியலாம் என்கிறது அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம். ஒரு வேளை அளவுக்கும் வலிப்புக்கும் நடுவே ஆறு மடங்குதான். காபியில் ஆறு மடங்கு என்றால் பத்துப் பன்னிரண்டு கப்பை ஒரே மூச்சில் குடிப்பது, நடைமுறையில் முடியாத காரியம். தூளில் அது ஒரு டீஸ்பூனில் பாதிகூட இல்லை. முழு டீஸ்பூன் தூய கஃபீன் தூள் 28 கப் காபிக்குச் சமம் என்று அதே நிர்வாகம் கணக்கிட்டிருக்கிறது. 200 மில்லிகிராம் வேண்டுமென்றால் டீஸ்பூனில் பதினாறில் ஒரு பங்கு எடுக்க வேண்டும். அப்படியொரு ஸ்பூன் எந்த வீட்டு அஞ்சறைப்பெட்டியிலும் கிடையாது.

ஸ்பூனை விட்டுத் தராசுக்குப் போனால் தப்பலாமா? வேல்ஸில் 2021 ஜனவரியில் இறந்த ஓர் உடற்பயிற்சியாளரின் கதை அதற்குப் பதில் சொல்கிறது. அவர் அசட்டையாக இருந்தவர் அல்ல. தூளை எடைபோட்டுத்தான் எடுத்தார். எடுக்க வேண்டியது 60 முதல் 300 மில்லிகிராம். அவருடைய சமையலறைத் தராசு எடைகாட்டத் தொடங்குவதே 2 கிராமிலிருந்து. அதிகபட்சம் 5 கிலோ. மில்லிகிராமை அந்தத் தராசு உணரவே உணராது. அவர் உட்கொண்டது சுமார் 5 கிராம் இருக்கலாம் என்று விசாரணையில் தெரியவந்தது. குடித்த சில நிமிடங்களிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இதயம் வேகமாகத் துடிக்கிறது என்றார், படுத்தவர் பிழைக்கவில்லை. ஒரு கப் காபி குடித்தவரின் ரத்தத்தில் லிட்டருக்கு 2 முதல் 4 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். அவர் ரத்தத்தில் 392 இருந்தது.

மாத்திரையில் அளவுப் பிழை குறைவு, ஆனால் அங்கே சிக்கல் வேறு. விழுங்கிய மாத்திரை முழுதாகக் கரைந்து ரத்தத்தில் உச்சத்துக்கு வர அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம்வரை ஆகலாம். தேர்வுக்கு முந்தைய இரவில் தூக்கம் கண்ணைக் கட்டும் மாணவன் கால் மணி நேரம் பார்ப்பான். ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொன்று போடுவான். பக்கத்தில் எனர்ஜி டிரிங்க் கேன் வேறு. உடம்பில் சேர்ந்த கஃபீன் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் பிடிக்கும் என்பதால், இரவு பத்து மணிக்குப் போட்டதும் ஒரு மணிக்குப் போட்டதும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். ஜிம்முக்குப் போகுமுன் கரைத்துக் குடிக்கும் 'ப்ரீ-வொர்க்அவுட்' பொடிகளிலும் ஒரு கரண்டிக்கு 150 முதல் 300 மில்லிகிராம் வரை கஃபீன் இருப்பது சகஜம். அதைத் தண்ணீரில்லாமல் வாயில் கொட்டிக்கொள்ளும் வீடியோக்களைப் பார்த்துச் செய்கிறவர்கள், இருக்கும் ஒரே தடுப்பையும் எடுத்து வெளியே போடுகிறார்கள்.

ஐந்து மணி நேரம் என்பது எல்லோருக்கும் பொருந்தாது. கஃபீனைச் சிதைக்கும் வேலையைக் கல்லீரலில் பெரும்பாலும் ஒரே ஒரு நொதிதான் செய்கிறது. கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு அந்த வேலை ஏறக்குறைய பாதி வேகத்தில்தான் நடக்கும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இன்னும் மெதுவாக நடக்கும். நம் ஊரில் சிறுநீர்த் தொற்றுக்கு அடிக்கடி எழுதித்தரும் சிப்ரோஃப்ளாக்ஸசின், மனநல மருந்தான ஃப்ளுவாக்ஸமின் இரண்டும் இந்த நொதியைத் தடுப்பவை. மூச்சிரைப்புக்குத் தரப்படும் தியோஃபிலின், கஃபீனின் நெருங்கிய உறவு. அதை எடுப்பவர் கஃபீன் மாத்திரையும் போட்டால் ஒரே வகை நஞ்சு இரண்டு வழியாக உள்ளே போகிறது. இவர்களில் யாருக்கும் பெட்டியில் அச்சடித்த அளவு பொருந்தாது. போதாக்குறைக்கு, அளவு மிக அதிகமாகும்போது அந்த நொதி முழு வேகத்தில் இயங்கியும் ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. அப்போது 'ஐந்து மணியில் பாதி' என்ற கணக்கே செல்லாது. இரட்டிப்பு அளவு எடுத்தால் பாதிப்பு இரட்டிப்போடு நிற்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் அறிகுறிகள் எல்லோரும் அறிந்தவைதான்: படபடப்பு, நடுக்கம், அமைதியின்மை, வியர்வை. அடுத்து வாந்தி. இதைத்தான் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். ஒருமுறை எடுத்து நிற்கிற வாந்தி அல்ல. நிறுத்த முடியாமல் திரும்பத் திரும்ப வருவது. உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று பலரும் நினைத்துவிடுவார்கள். 2018 புத்தாண்டு நாளில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் இறந்த 21 வயது இளைஞர், தூய கஃபீன் தூளைப் புரோட்டீன் ஷேக்கில் கலந்து குடித்திருந்தார். ருசி மோசமாக இருந்தது. புரோட்டீன் பவுடர் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து, நண்பர்களிடமும் அப்படியே சொல்லியிருக்கிறார். அந்தத் தூளை வாங்கியவர் வேறொருவர் என்றும், அவர் பங்கு கொடுத்ததால் எச்சரிக்கைச் சீட்டு மகன் கண்ணில் படவே இல்லை என்றும் அவருடைய தந்தை பிறகு எழுதினார்.

வாந்திக்குப் பின்னால் உடலுக்குள் நடப்பது வெளியே தெரியாது. கஃபீன் அதிகமானால் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் ரத்தத்தில் பெருகும். அவை ரத்தத்திலுள்ள பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளிவிடும். இதயத்தின் தாளத்துக்கு ரத்தத்தில் பொட்டாசியம் சரியான அளவில் இருந்தாக வேண்டும். அது இறங்கினால் துடிப்பு முறை தப்பி, கீழறைகள் வெறுமனே துடிதுடித்து ரத்தத்தைத் தள்ளாமல் நின்றுவிடலாம். கஃபீனால் இறந்தவர்களில் பலருடைய முடிவு இப்படித்தான் வந்திருக்கிறது. கூடவே வலிப்பு, தசைகள் சிதைந்து சிறுநீரகத்தை அடைப்பது ஆகியவையும் நேரலாம்.

மருத்துவர்களுக்கும் இது வழக்கமான சிகிச்சை அல்ல. ரத்த அழுத்தம் இறங்கிய நோயாளிக்கு வழக்கமாகக் கொடுக்கும் அட்ரினலின் வகை மருந்துகள் இங்கே நெருப்பில் நெய்யாகிவிடலாம். இதயத்தை மெதுவாக்கும் எஸ்மோலால் போன்ற மருந்துதான் சிலருக்கு உதவியிருக்கிறது. பொட்டாசியத்தையும் அள்ளிக் கொடுக்க முடியாது. அது உடலை விட்டுப் போகவில்லை, செல்களுக்குள் இருக்கிறது; கஃபீன் இறங்கியதும் ரத்தத்துக்குத் திரும்பும். நல்ல செய்தி ஒன்று உண்டு: கஃபீன் மூலக்கூறு சிறியது, நீரில் கரைவது, ரத்தப் புரதங்களோடு அதிகம் ஒட்டாதது. அதனால் டயாலிசிஸ் அதை நன்றாகவே வெளியேற்றும். ஆனால் நோயாளி நேரத்தோடு மருத்துவமனைக்கு வந்தால்தான் இதெல்லாம்.

எனவே தூளோ மாத்திரையோ எடுத்தவர் விடாமல் வாந்தி எடுத்தால், நெஞ்சு அடித்துக்கொண்டால், குழம்பிப் பேசினால், தூங்கினால் சரியாகிவிடும் என்று படுக்க வைப்பது ஆபத்து. மோரும் எலுமிச்சைச் சாறும் ரத்தத்தில் கலந்த கஃபீனைக் குறைப்பதில்லை. விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. இடையில் வலிப்பு வந்தால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். 108-ஐ அழைத்து, டப்பாவையும் கையோடு கொண்டுபோய், எவ்வளவு, எத்தனை மணிக்கு, வேறென்ன மருந்தோடு என்பதைச் சொல்ல வேண்டும். எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் கரி மருந்து கொடுத்து உறிஞ்சுதலைக் குறைக்கவும் வாய்ப்பிருக்கிறது.

2014-ல் ஒஹையோ மாநிலத்தில் பள்ளிப் படிப்பை முடிக்கவிருந்த ஒரு மாணவன் தூள் கஃபீனால் இறந்தபின் அமெரிக்க அரசு முதலில் மக்களை எச்சரித்தது, அடுத்த ஆண்டு விற்பனையாளர்களுக்குக் கடிதம் அனுப்பியது, 2018-ல் தூய கஃபீனை மொத்தமாகப் பொதுமக்களுக்கு விற்பது சட்டவிரோதம் என்று அறிவித்தது. ஆஸ்திரேலியா 2019-ல், திட உணவில் 5 சதவீதமோ திரவத்தில் 1 சதவீதமோ அதற்கு மேலோ கஃபீன் இருந்தால் சில்லறை விற்பனை கூடாது என்று தடுத்தது. அமெரிக்க அறிவிப்பு கஃபீன் மாத்திரைகளைத் தொடவில்லை. ஒரு வேளைக்கான அளவு முன்கூட்டியே பிரிக்கப்பட்ட பொருள்களை அது தடுக்கவுமில்லை. தடுக்கப்பட்டது, ஒரு பை தூளிலிருந்து தனக்கான மில்லிகிராமை வாங்குபவரே அளந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடும் விற்பனை.