விளிம்பில் நிற்காத மின்புலம்

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் படித்த எவருக்கும் இணைத்தட்டு மின்தேக்கியின் படம் நினைவிருக்கும். மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு, நடுவே சம இடைவெளியில் நேர் அம்புகள். தட்டு முடிகிற இடத்தில் அம்புகளும் முடிந்துவிடும். அதற்கு அப்பால் வெறும் வெள்ளைத் தாள். கணக்குப் போட வசதியான படம்தான். ஆனால் அப்படியொரு மின்புலத்தை உலகின் எந்த ஆய்வகத்திலும் உண்டாக்க முடியாது. தட்டுகளை எவ்வளவு நுட்பமாகச் செய்தாலும் விளிம்பில் புலம் வெளியே பிதுங்கும். வளைந்து, மெலிந்து, தூரம்வரை பரவும்.

ஏன் முடியாது? படத்தில் உள்ளதை அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டு பார்க்கலாம். தட்டுகளுக்கு இடையே 1 சென்டிமீட்டர் இடைவெளி. 100 வோல்ட் வேறுபாடு. உள்ளே புலம் மீட்டருக்கு 10,000 வோல்ட். விளிம்பைத் தாண்டினால் சுழியம். இப்போது சிறிய நேர்மின்னூட்டம் ஒன்றை உள்ளே மேலிருந்து கீழே போகவிட வேண்டும். புலமே அதைத் தள்ளும். ஒவ்வொரு கூலூமுக்கும் 100 ஜூல் வேலை கிடைக்கும். கீழே வந்ததும் அதைப் பக்கவாட்டில் நகர்த்தி வெளியே கொண்டுவரலாம். புலத்துக்குக் குறுக்கே நகர்வதால் அதற்குச் செலவில்லை. வெளியே புலமே இல்லை என்பதால் மேலே ஏற்றுவதற்கும் செலவில்லை. மறுபடி பக்கவாட்டில் உள்ளே தள்ளினால் புறப்பட்ட இடம் வந்துவிடும். ஒரு சுற்றுக்குக் கூலூமுக்கு 100 ஜூல் லாபம். தட்டுகளில் இருந்த மின்னூட்டம் துளியும் குறையவில்லை. ஆயிரம் சுற்று சுற்றினால் ஆயிரம் மடங்கு லாபம்.

எரிபொருள் இல்லாமல் ஓடும் எந்திரம் இது. இயற்கை இதை அனுமதிப்பதில்லை. உள்ளே இறங்கும்போது கிடைத்த 100 வோல்ட்டை, வெளிப்பக்கமாக ஏறும்போது எங்காவது திருப்பிக் கட்டியே ஆக வேண்டும். அப்படிக் கட்ட வைப்பதுதான் விளிம்பில் பிதுங்கும் அந்தப் புலம். வெளியே எவ்வளவு தொலைவு சுற்றிவந்தாலும், வழியெங்கும் இருக்கும் மெல்லிய புலத்துக்கு எதிராகச் செய்யும் வேலையைக் கூட்டினால் சரியாக 100 வரும்.

ஆற்றல் அழியாது என்று சொல்லி இதை முடித்துவிடலாம். ஆனால் மின்புலம் அந்தச் சட்டத்துக்கு எப்படிக் கீழ்ப்படிகிறது என்பதுதான் சுவையான பகுதி. அதற்கு ஒற்றை மின்னூட்டத்திடம் போக வேண்டும்.

சார்லஸ் கூலூம் 1785-ல் முறுக்குத் தராசைக் கொண்டு மின்விசையை அளந்தபோது, தூரம் இரண்டு மடங்கானால் விசை நான்கில் ஒன்றாகிறது என்று கண்டார். எல்லோரும் நினைவில் வைத்திருப்பது இந்தப் பாதியைத்தான். இங்கே முக்கியமானது மற்ற பாதி. அசையாத மின்னூட்டத்தின் விசை அதிலிருந்து நேராக வெளியே, அல்லது நேராக உள்ளே மட்டுமே இருக்கும்; பக்கவாட்டில் துளியும் தள்ளாது. அதன் அளவும் தூரத்தை மட்டுமே பொறுத்தது, திசையைப் பொறுத்ததல்ல.

இந்த இரண்டும் போதும். ஒரு மின்னூட்டத்தைச் சுற்றி எந்தக் கோணல் பாதையில் நடந்தாலும், ஒவ்வொரு சிறு அடியையும் இரண்டாகப் பிரிக்கலாம்: மையத்திலிருந்து விலகும் அல்லது நெருங்கும் பகுதி ஒன்று, மையத்தைச் சுற்றிச் செல்லும் பகுதி இன்னொன்று. சுற்றும் பகுதியில் விசை குறுக்கே நிற்பதால் வேலை இல்லை. மிஞ்சுவது விலகலும் நெருங்கலும் மட்டும். 1 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்கு விலகும்போது நடக்கும் வேலை, எந்தத் திசையில் விலகினாலும் ஒன்றுதான். விலகி மறுபடி நெருங்கினால் வரவும் செலவும் கழிந்துபோகும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மையத்தில் 1 நானோ கூலூம் மின்னூட்டம். அதிலிருந்து தூரத்தை மீட்டரில் எடுத்து 9-ஐ அதனால் வகுத்தால் அந்த இடத்தின் மின்னழுத்தம் வோல்ட்டில் கிடைக்கும். கிழக்கே 1 மீட்டரில் ஒரு புள்ளி: 9 வோல்ட். வடக்கே 3 மீட்டரில் இன்னொரு புள்ளி: 3 வோல்ட். வேறுபாடு 6 வோல்ட்.

முதல் வழி: 1 மீட்டர் தூரத்திலேயே கால் வட்டம் சுற்றி வடக்குக்கு வந்து, பிறகு நேராக வெளியே போவது. வட்டத்தில் சுழியம், நேர்கோட்டில் 6. இரண்டாவது வழி: கிழக்கிலேயே 3 மீட்டர் வரை போய்விட்டு, அங்கே பெரிய கால் வட்டம் சுற்றுவது. முதலில் 6, பிறகு சுழியம். மூன்றாவது வழி, இரண்டு புள்ளிகளையும் நேரே இணைக்கும் சாய்கோடு. இதில் ஒரு சிறு வியப்பு இருக்கிறது. சாய்கோட்டில் கிளம்பியதும் மையத்தை விட்டு விலகுவதில்லை. முதலில் சற்று நெருங்குகிறோம். கோட்டின் பத்தில் ஒரு பங்கைக் கடக்கும்போது மையம் வெறும் 0.95 மீட்டர் தொலைவில் இருக்கும். அங்கே மின்னழுத்தம் ஏறத்தாழ 9.49 வோல்ட். ஆக முதலில் 0.49 வோல்ட் ஏற்றம், பிறகு 6.49 வோல்ட் இறக்கம். நிகரம் அதே 6.

மின்னூட்டங்கள் பல இருந்தால்? ஒவ்வொன்றும் தன் பங்குப் புலத்தை மற்றதைக் கேட்காமல் தருகிறது. மொத்தப் புலம் அவற்றின் கூட்டுத்தொகை. தனித்தனியே பாதையைச் சாராத எண்களைக் கூட்டினால் கூட்டுத்தொகையும் பாதையைச் சாராது. மின்தேக்கியின் தட்டில் கோடானுகோடி எலெக்ட்ரான்கள் இருந்தாலும் கதை இதுவே. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தூரத்தின் இருமடி என்ற விதி இந்த வாதத்தில் எங்குமே தேவைப்படவில்லை. விசை தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைந்திருந்தாலும் பாதை சாராமை அப்படியே இருந்திருக்கும். இருமடி விதி வேறொரு வேலைக்கு வேண்டும், காஸ் விதிக்கு. பாடநூல்களில் இரண்டும் அடுத்தடுத்து வருவதால் மாணவர்கள் பலர் குழப்பிக்கொள்ளும் இடம் இது.

இனி ‘கர்ல்’. ஒரு புலம் ஒரு புள்ளியருகே எவ்வளவு சுழற்றும் தன்மையோடு இருக்கிறது என்பதன் அளவு அது. அந்தப் புள்ளியைச் சுற்றி மிகச் சிறிய கட்டம் ஒன்றை வரைந்து, ஒரு முழுச் சுற்றில் கிடைக்கும் வேலையைக் கட்டத்தின் பரப்பால் வகுத்தால் கர்ல் கிடைக்கும். பெயரைப் பார்த்து, கோடுகள் வளைந்திருந்தால் கர்ல் உண்டு, நேராக இருந்தால் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. நேராக ஓடும் வாய்க்காலில் நடுவே நீர் வேகமாகவும் கரையோரம் மெதுவாகவும் போகும். கரையருகே ஒரு சிறு துடுப்புச் சக்கரத்தைச் செங்குத்தாக நட்டு வைத்தால், ஒரு பக்கம் அதிக வேகமும் மறுபக்கம் குறைந்த வேகமும் தாக்குவதால் அது சுழலும். நீர் நேராகத்தான் போகிறது. ஆனாலும் அங்கே கர்ல் இருக்கிறது. பாடநூல் மின்தேக்கியின் விளிம்பும் அப்படித்தான்: நேர் அம்புகள், ஒரு பக்கம் வலு, மறுபக்கம் ஒன்றுமில்லை. நிஜமான விளிம்பில் கோடுகள் அழகாக வளைகின்றன. அந்த வளைவுதான் சக்கரத்தைச் சுழலாமல் நிறுத்திவைக்கிறது.

சிறிய கட்டங்களிலிருந்து பெரிய வளையத்துக்குப் போவது எளிது. வளையத்தின் உட்பரப்பைக் கோலப் புள்ளிகளுக்கு நடுவே உள்ள கட்டங்கள்போலப் பிரித்தால், பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் பொதுச் சுவரை எதிரெதிர்த் திசைகளில் கடக்கின்றன. உள்சுவர்கள் எல்லாம் கழிந்துபோய் வெளிவிளிம்பு மட்டும் எஞ்சும். எல்லாக் கட்டங்களிலும் சுழியம் என்றால் வெளிச்சுற்றிலும் சுழியமே. ஸ்டோக்ஸ் தேற்றம் என்று பெயர் பெற்ற இந்த முடிவை ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1854-ல் கேம்பிரிட்ஜின் ஸ்மித் பரிசுத் தேர்வில் கேள்வியாகக் கேட்டார். அந்தத் தேர்வை எழுதிப் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். கர்ல் என்ற பெயரைச் சூட்டியவரும் பின்னாளில் அவரே.

ஒரு சுற்றின் கூட்டுத்தொகை சுழியம் என்பதும் இரண்டு பாதைகள் சமம் என்பதும் ஒன்றே. ஒரு பாதையில் போய் இன்னொன்றில் திரும்பினால் அது ஒரு சுற்று. மொத்தம் சுழியம் என்றால் போன வேலையும் திரும்பிய வேலையும் சமன். இதைச் சுருக்கமாக ∇ × E = 0 என்று எழுதுகிறார்கள். அதனால்தான் ‘இந்த இரு புள்ளிகளுக்கு இடையே இத்தனை வோல்ட்’ என்று, எந்த வழியில் என்று கேட்காமலே பேச முடிகிறது. ஒரு மின்சுற்றில் எந்த வளையத்தைச் சுற்றினாலும் வோல்ட்டுகளின் கூட்டுத்தொகை சுழியம் என்று கிர்க்காஃப் 1845-ல் சொன்ன விதியும் இதில்தான் நிற்கிறது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: மின்னூட்டங்கள் அசையாமலோ, மின்னோட்டம் மாறாமலோ இருக்க வேண்டும். வளையத்துக்குள்ளே காந்தப்புலம் மாறிக்கொண்டிருந்தால் கர்ல் சுழியமாக இருப்பதில்லை. ஃபாரடே 1831-ல் கண்ட மின்காந்தத் தூண்டல் இதுதான். இதைக் கண்ணால் காட்டும் சோதனை ஒன்றை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த வால்டர் லெவின் வகுப்பறையில் செய்து காட்டியிருக்கிறார். 100 ஓம், 900 ஓம் என்று இரண்டு மின்தடைகள் மட்டும் சேர்ந்த ஒரு வளையம். நடுவே காந்தப்புலம் மாறும் ஒரு கம்பிச்சுருள். மின்கலம் கிடையாது. வளையத்தில் தூண்டப்படுவது 1 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் ஓடுவது 1 மில்லி ஆம்பியர். வளையத்தின் ஒரே இரண்டு புள்ளிகளில் இரண்டு வோல்ட்மீட்டர்களை மாட்ட வேண்டும், ஒன்று இடப்பக்கமாக, மற்றது வலப்பக்கமாக. 900 ஓம் பக்கம் இருப்பது 0.9 வோல்ட் காட்டும். 100 ஓம் பக்கம் இருப்பது 0.1 வோல்ட், அதுவும் எதிர்க்குறியோடு. அதே புள்ளிகள், வேறு எண்கள். இரண்டு கருவிகளும் சரியாகவே வேலை செய்கின்றன. அவற்றின் கம்பிகள் சுருளுக்கு எந்தப் பக்கமாகப் போகின்றன என்பதே விடையைத் தீர்மானிக்கிறது.

மின்னணுப் பட்டறையில் ஸ்விட்சிங் பவர் சப்ளை பழுதுபார்ப்பவர்கள் இதைத் தினமும் எதிர்கொள்கிறார்கள். ஆஸிலாஸ்கோப் திரையில் ஊசி ஊசியாகச் சமிக்ஞை தெரியும்; அது சுற்றில் உள்ளதா, அளக்கும் கம்பியில் உண்டானதா என்று சந்தேகம் வரும். புரோபின் முனையையும் அதன் கிரவுண்ட் கிளிப்பையும் ஒன்றோடொன்று தொடவிட்டு, சுற்றின் மேலே சும்மா பிடித்தால் தெரிந்துவிடும். ஒரே புள்ளிக்கும் அதே புள்ளிக்கும் நடுவே வேறுபாடு இருக்கக் கூடாது. அப்போதும் ஊசிகள் தெரிந்தால் கிளிப்பின் நீளக் கம்பி ஒரு வளையமாகி, மாறும் காந்தப்புலத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நீளக் கம்பியைக் கழற்றிவிட்டு, முனைக்குப் பக்கத்திலேயே தொடும் சிறிய ஸ்பிரிங்கை மாட்டினால் வளையத்தின் பரப்பு சுருங்கும். ஊசிகளும் பெரும்பாலும் அடங்கிவிடும்.